அவர் உண்மையில் அப்படித்தான் எழுதினாரா? மொழிபெயர்த்த ஸ்கிரீன்ஷாட்டை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

மூன்று மொழி பேசுகிறவர்கள் ஒரே குரூப்பில் எழுதிக்கொள்ளும் ஒரு வேலையிடத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஆவணங்களை மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. ஆனால் மாதத்தில் நாலைந்து தடவையாவது யாராவது முகம் வாடி வந்து போனை நீட்டுவார்கள். "இதைப் பாருங்க, என்னை எப்படிப் பேசியிருக்கார்னு." போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கும். அதில் உள்ள வாக்கியம் சுடத்தான் செய்யும். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியது பெரும்பாலும் அந்த மனிதர் அல்ல, நடுவில் இருந்த கருவி.

ஒரே மாதிரியான கோளாறு திரும்பத் திரும்ப வருவதால், நான் பார்க்கும் வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் படத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## எல்லாவற்றுக்கும் முன்: படத்தில் இருப்பது மூலமா, மொழிபெயர்ப்பா?

இதைக் கேட்டால் பலர், "தமிழ்ல எழுதுறவர், தமிழ்லதானே இருக்கு, இதிலென்ன சந்தேகம்" என்பார்கள். இந்தப் பதிலை நம்பித்தான் நான் ஒருமுறை தவறாகத் தீர்ப்புச் சொல்லப் பார்த்தேன். அனுப்பியவரின் மொழியிலேயே படம் இருக்கிறது என்பதாலேயே அது மூலம் ஆகிவிடாது. தமிழில் எழுதிய மெசேஜ் ஒருவர் போனில் ஆங்கிலமாகி, அந்த ஆங்கிலத்தின் படம் இன்னொருவர் போனில் மறுபடி தமிழாகி உங்கள் கைக்கு வந்திருக்கலாம். அந்தக் கதையைக் கீழே முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் படத்தின் மேற்பகுதியில் இருக்கும் பெயரைப் பாருங்கள். படத்தையே மொழிபெயர்க்கும் கருவிகள் மெசேஜை மட்டும் மாற்றுவதில்லை, படத்தில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் மாற்றப் பார்க்கும். மலர் என்ற பெயர் பூவாகவும் செல்வம் என்ற பெயர் பணமாகவும் ஆகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். நேரம் காட்டும் இடம், கீழே தட்டச்சு செய்யும் பெட்டியில் மங்கலாக இருக்கும் சொல் எல்லாம் அந்தச் செயலியில் வழக்கமாக நீங்கள் பார்ப்பது போல இருக்கின்றனவா என்று உங்கள் போனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் எழுத்தின் உடலைப் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கினால், மொழிபெயர்த்து ஒட்டிய எழுத்துக்குப் பின்னால் நிறம் லேசாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். பழைய எழுத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிதை எழுதிய தடம் அது. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஒரு வரியில் எழுத்து சிறுத்தும் அடுத்த வரியில் பெருத்தும் இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை. அதே ஆள் எழுதிய வேறு நான்கு மெசேஜ்களைப் பாருங்கள். தினமும் "வந்துட்டேன்", "பாத்துக்கலாம்" என்று எழுதுகிறவர் திடீரென்று "வந்துவிட்டேன்", "பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுத மாட்டார். பேச்சுத் தமிழில் எழுதுகிறவர் பெயரில் பாடப்புத்தகத் தமிழ் வந்திருந்தால் நடுவில் ஏதோ கருவி புகுந்திருக்கிறது.

கணினியில் பிரவுசர் வழியாகப் பார்த்த பக்கம் என்றால் இன்னும் சுலபம். படம் எடுத்தவரிடம் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். குரோமில் F12 அழுத்தி, `Elements` பகுதியில் `html` என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் போதும். மொழிபெயர்த்த பக்கமாக இருந்தால் இப்படி இருக்கும்:

```
<html lang="ta" class="translated-ltr">
```

`translated-ltr` என்பது குரோம் தன் மொழிபெயர்ப்பைப் போட்டதும் சேர்க்கும் அடையாளம். தானாக மொழிபெயர்க்கும்படி எப்போதோ ஒரு தடவை அனுமதி கொடுத்துவிட்டு, அதை மறந்தே போனவர்கள் நிறையப் பேர். அவர்கள் படத்தை மாற்றவில்லை, பார்த்ததைத்தான் படம் எடுத்தார்கள். அவர்கள் மீதும் சந்தேகப்பட வேண்டாம்.

மொழிபெயர்ப்புதான் என்று தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூல மெசேஜை எழுத்தாக வாங்குவது. படமாக அல்ல. அது கிடைக்கும் வரை தொனியைப் பற்றி யாரும் யாருக்கும் பதில் எழுத வேண்டாம்.

## அறிகுறி: மரியாதை போய்விட்டது, வேண்டுகோள் அதட்டலாக, சந்தேகம் குற்றச்சாட்டாகத் தெரிகிறது

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். மேலே சொன்ன கதையும் இதுவே. அதையே பிரித்துக் காட்டுகிறேன்.

எங்கள் குரூப்பில் ஒவ்வொருவரும் தன் மொழியில் எழுதுவார்கள், படிப்பவர் தன் போனில் மொழிபெயர்த்துப் படிப்பார். தமிழர் ஒருவர், தமிழ் தெரியாத மேற்பார்வையாளருக்கு ஒரு மெசேஜ் போட்டார். அவர் அதை ஆங்கிலத்தில் படித்து மனம் புண்பட்டு, ஆங்கிலப் படத்தை மேலதிகாரிக்கு அனுப்பினார். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியும், ஆங்கிலம் சரளம் இல்லை. போனில் படத்தை மொழிபெயர்த்து, அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து என்னிடம் காட்டினார். படத்தில் இருந்தது இது:

"சகோதரா, நீ நேற்று கணக்கை அனுப்ப மறந்துவிட்டாய். ஒரு முறை பார்த்துவிட்டு அதை நீயே போடு."

அனுப்பியவரிடமிருந்து மூலத்தை எழுத்தாக வாங்கினேன்:

"அண்ணே, நேத்து கணக்கு அனுப்ப மறந்துட்டீங்க போல. ஒரு தடவை பாத்துட்டு நீங்களே போட்டுருங்களேன்."

இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு, சொல் சொல்லாக அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். முழு வாக்கியமாகப் படித்தால் "விஷயம் ஒன்றுதானே" என்று தோன்றிவிடும். விஷயம் ஒன்றுதான். கணக்கு வரவில்லை, அனுப்ப வேண்டும். மாறியது மற்றதெல்லாம்.

"அண்ணே" என்பது "சகோதரா" ஆகியிருக்கிறது. முதலாவது வயதுக்குக் கொடுக்கும் மரியாதையும் நெருக்கமும் சேர்ந்தது. இரண்டாவதைத் தமிழில் நாம் அன்றாடம் யாரையும் அழைக்கப் பயன்படுத்துவதில்லை. சண்டைக்கு முன் விலகி நின்று பேசுவது போல அது ஒலிக்கிறது.

"மறந்துட்டீங்க" என்பது "மறந்துவிட்டாய்" ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். அந்த வழியாகப் போய் வந்தால் மரியாதை எங்கேயும் பதிவாகாது. திரும்பி வரும்போது கருவி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நல்ல வேளையாக அது "நீங்கள்" என்று தேர்ந்தெடுக்கும் நாள்களும் உண்டு. ஆனால் அந்த மரியாதையும் அனுப்பியவர் கொடுத்ததல்ல.

மூன்றாவது, "போல". என் கணக்கில் இந்த மெசேஜின் உயிரே இந்த ஒரு சொல்தான். "மறந்துட்டீங்க போல" என்றால் எனக்கு உறுதியாகத் தெரியாது, நீங்கள் அனுப்பி எனக்கு வராமலும் போயிருக்கலாம் என்று எதிராளிக்கு இடம் விடுகிறோம். அந்தச் சொல் விழுந்ததும் அது நேரடிக் குற்றச்சாட்டு. மேற்பார்வையாளரைச் சுட்டதும் இந்த இடம்தான் என்று பிறகு அவரே சொன்னார்.

நான்காவது, "போட்டுருங்களேன்". கடைசியில் வரும் அந்த "ஏன்" கெஞ்சலுக்குப் பக்கத்தில் நிற்பது. "போடுங்கள்" என்பதை விட "போடுங்களேன்" இளகியது என்று எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் ஒட்டு கிடையாது. தனியாக ஒரு சொல் சேர்த்தால்தான் வரும், கருவி பல நேரம் சேர்ப்பதில்லை. "நீங்களே" என்பதும் அப்படித்தான். "நீங்க போட்டால்தான் சரியாக இருக்கும்" என்ற அர்த்தத்தில் எழுதியது, "என்னிடம் வராதே, உன் வேலையை நீ பார்" என்று திரும்பியிருக்கிறது.

ஆக, இரண்டே வரியில் நான்கு இடம் கழன்றிருக்கிறது. நான்கும் ஒரே பக்கம், கடுமையின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. இதுதான் கருவியின் வேலை என்பதற்கு நல்ல அடையாளம். வேண்டுமென்றே கடுமையாக எழுதியவர் மெசேஜில், தகவல் சொல்லும் வார்த்தைகளிலேயே காரம் இருக்கும்.

இப்போது உங்கள் படத்துக்கு வாருங்கள். காரணங்களை எளிதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

முதல் காரணம், மரியாதை நிலை இல்லாத ஒரு மொழி வழியாக வந்தது. மூலத்தில் எந்த முன்னிலைச் சொல் இருக்கிறது, வினை எதில் முடிகிறது என்று மட்டும் பாருங்கள். தமிழுக்கு நீ, நீங்கள் மாதிரி இந்திக்கு மூன்று படி, ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் இரண்டு படி. மூலத்தில் மரியாதை வடிவம் இருந்தால் இந்தப் புகார் அங்கேயே முடிந்தது. இரண்டு மொழிகளுக்கும் ஆங்கிலம் சம்பந்தமே இல்லாவிட்டாலும் இது நடக்கும். பல கருவிகள் நடுவில் ஆங்கிலத்தை வைத்துத்தான் மொழிபெயர்க்கின்றன.

இரண்டாவது காரணம், ஒட்டுச் சொற்கள் விழுந்தது. போல, தானே, ஆமே, ஏன், ஓ, கொஞ்சம் ஆகியவற்றை மூலத்தில் வட்டமிடுங்கள். மொழிபெயர்ப்பில் அவற்றுக்கு ஈடாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். "கொஞ்சம் வாங்க" என்பதில் உள்ள கொஞ்சம் அளவைக் குறிப்பதல்ல என்பது கருவிக்குப் பிடிபடாமல் போகலாம்.

மூன்றாவது காரணம், பேச்சுத் தமிழ் எழுத்துக்கூட்டல். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மூலத்தை நீங்களே முழுமையான எழுத்துத் தமிழில் மாற்றி ("நேற்று கணக்கு அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது") அதே கருவியில் போடுங்கள். இப்போது சந்தேகத் தொனி திரும்பி வந்துவிட்டால், கோளாறு எழுத்துக்கூட்டலில் இருந்தது. வராவிட்டால் கருவியே அந்த ஒட்டை விடுகிறது. ஒரு தடவையில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் என்றால் முதலில் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டு இதே சோதனை.

பலரும் செய்கிற ஒன்றை இங்கே செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: வந்த மொழிபெயர்ப்பைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. "நீயே போடு" என்பதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அது படத்தில் இருந்த ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது, ஆகவே மொழிபெயர்ப்பு சரி என்பார்கள். ஒத்துத்தான் போகும். விழுந்தது முதல் தாண்டலிலேயே விழுந்துவிட்டது. மூலத்தைத் தொடாத எந்தச் சோதனையும் அதைக் காட்டாது.

## அறிகுறி: மிரட்டல் போல இருக்கிறது

இதில் மட்டும் அவசரப்படவே கூடாது. 2017 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டட வேலை செய்யும் பாலஸ்தீனர் ஒருவர், புல்டோசர் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, அரபியில் காலை வணக்கம் எழுதினார். பேஸ்புக்கின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் "அவர்களைத் தாக்குங்கள்" என்று காட்டியது. இஸ்ரேல் போலீஸ் அவரைக் கைது செய்தது. அரபி தெரிந்த அதிகாரி யாரும் கைதுக்கு முன் மூலத்தைப் படித்திருக்கவில்லை. தவறு தெரிந்ததும் சில மணி நேரத்தில் விடுவித்தார்கள், பேஸ்புக்கும் மன்னிப்புக் கேட்டது. மூலம் அதே திரையில், ஒரு தட்டு தூரத்தில் இருந்தது. பேஸ்புக்கில் மொழிபெயர்த்த பதிவின் அடியில் `See original` என்று இருக்கும், அதைத் தட்டினால் போதும்.

தமிழிலிருந்து போகும் மெசேஜில் எளிய காரணம் பாராட்டுச் சொற்கள். "கொன்னுட்ட போ" என்று நாம் நண்பனை மெச்சுவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கொலை. சோதனை: முந்தைய மூன்று மெசேஜையும் பிந்தைய மூன்றையும் படியுங்கள். மேலே பாட்டுப் பாடிய வீடியோவும் கீழே சிரிப்பும் இருந்தால் அது மெச்சல்தான்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு, அது இதைவிட ஆபத்தானது. உண்மையான மிரட்டல் சாதுவாகி வரும். "வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், வீட்டில் ஏதோ பரிசு காத்திருப்பது போல இருக்கும். "வச்சுக்கிறேன் உன்னை" என்பதற்கும் அதே கதி. "வந்து தொலை" என்பதில் எரிச்சல் முழுதும் "தொலை"யில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் வெறும் வரவேற்பு. ஆகவே படத்தில் சாதுவாக இருக்கும் ஒரு வாக்கியத்தைக் காட்டி ஒருவர் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றால், மொழிபெயர்ப்பை வைத்து அவருக்குச் சமாதானம் சொல்லிவிடாதீர்கள். மூலத்தைக் கேளுங்கள்.

மூலத்தைப் படித்த பிறகும் அது விளையாட்டா, நிஜமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், அதற்கு மேல் நீங்கள் பார்க்க வேண்டாம். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். யாருக்காவது உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால், ஒப்பீடு முடியும் வரை காத்திருக்காமல் பாதுகாப்புக்கு வேண்டியதை முதலில் செய்யுங்கள்.

## அறிகுறி: பேச்சுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, "வரேன்னு சொல்லிட்டு வரலை"

ஏமாற்றிவிட்டார் என்ற கோபத்தோடு வரும் படங்களில் முதலில் நான் தேடுவது எதிர்மறைக் கேள்வி. "நாளைக்கு வரலையா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆமா" என்று பதில். தமிழில் அதற்கு "ஆமாம், வரவில்லை" என்று பொருள். ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல் பதில் "வருகிறேன்" என்பவர்களின் பதில் போலத் தெரியும். கருவி ஒவ்வொரு மெசேஜையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால், கேள்வி எதிர்மறையாக இருந்தது அதற்குத் தெரியவே தெரியாது. பதிலின் படம் மட்டும் போதாது. கேள்வியின் மூலமும் வேண்டும்.

அடுத்தது, மென்மையாக மறுக்கும் சொற்கள். "பாக்கலாம்", "சொல்றேன்" இரண்டும் தமிழில் பெரும்பாலும் பிடிகொடுக்காத பதில்கள். மொழிபெயர்ப்பில் அவை உறுதிமொழி போல ஆகிவிடும். ஜப்பானியத்தில் "பரிசீலிக்கிறோம்" என்று வரும் பதிலும் பல நேரம் மறுப்புதான். இந்தக் காரணத்தை மூலத்தைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொல்லை அவர்கள் எப்போது பயன்படுத்துவார்கள் என்று அந்த மொழிக்காரர் ஒருவரைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும்போது நேர்ந்த பிழை. தமிழில் துணைக்காலும் ர எழுத்தும் ஒன்றுபோல இருக்கும், மெய்யின் மேல் உள்ள புள்ளி மங்கிய படத்தில் காணாமல் போகும். இதற்குச் சோதனை, கருவி எடுத்துக் காட்டும் எழுத்தைப் படத்தில் கண்ணால் பார்ப்பதோடு ஒப்பிடுவது. மொழிபெயர்ப்பைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். மூலமே தவறாக எடுக்கப்பட்டிருந்தால் மற்ற ஒப்பீடெல்லாம் வீண்.

## அறிகுறி: மொட்டையாக, வெறுப்போடு பதில் சொன்னது போல இருக்கிறது

இதைச் சீக்கிரம் முடிக்கலாம். மூலத்தில் இருந்த சிரிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்துக்காரர்கள் `555` என்று எழுதினால் சிரிக்கிறார்கள், ஐந்து என்ற எண் அவர்கள் மொழியில் "ஹா" என்று ஒலிக்கும். ரஷ்ய மொழியில் வாக்கியத்தின் முடிவில் தனியாக நிற்கும் `)` புன்னகைக்கு அடையாளம். மொழிபெயர்ப்பில் முதலாவது வெறும் எண்ணாகத் தெரியும், இரண்டாவது தட்டச்சுப் பிழை போலத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டும்போது எமோஜியோ கீழே இருந்த அடுத்த மெசேஜோ வெட்டுப்பட்டிருக்கலாம். வெட்டாத படத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

## அறிகுறி: மூலம் கிடைக்கவில்லை

படம் காட்டியவர் "என்னிடம் இதுதான் இருக்கு" என்பார். பல நேரம் அவரிடமே மூலம் இருக்கும், அவருக்குத் தெரியாது. அவர் போனில் அந்த மெசேஜை நீண்ட நேரம் அழுத்தி, காப்பி எடுத்து, வேறு இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அல்லது படம் எடுக்காமல் ஃபார்வர்ட் செய்யச் சொல்லுங்கள். ஒட்டியதும் மொழிபெயர்ப்பே வந்தால் அசலைக் காட்டும் தேர்வை முதலில் தட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

மெசேஜ் பழையது, மேலும் கீழும் சேர்த்து வேண்டும் என்றால் வாட்ஸாப்பில் உரையாடலுக்குள் போய் `Export chat` கொடுக்கலாம். உரையாடல் `.txt` கோப்பாக, தேதி, நேரம், பெயரோடு வரும். யாராவது அந்த உரையாடலில் தனியுரிமை அமைப்பைக் கூட்டி வைத்திருந்தால் இந்த வசதி வேலை செய்யாது. அப்போது ஒவ்வொன்றாக காப்பி எடுப்பதைத் தவிர வழியில்லை.

மூலம் கிடைத்த பிறகும் அது படம் எடுத்தபோது இருந்த அதே வாசகம்தானா என்று பார்க்க வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் மெசேஜைத் திருத்த முடியும். திருத்தியிருந்தால் `Edited` என்று நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். படத்தில் அந்தச் சொல் இல்லாமல் இப்போது போனில் இருந்தால், நீங்கள் இரண்டு வெவ்வேறு வாசகங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முதல் வாசகம் அனுப்பியவர் போனிலும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் "மொழிபெயர்ப்புதான் தவறு" என்றும் சொல்லக் கூடாது, "அவர் அப்படித்தான் எழுதினார்" என்றும் சொல்லக் கூடாது. ஒப்பிட முடியவில்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் நேர்மை. நானும் அப்படித்தான் கொடுக்கிறேன்.

எழுதியவரே எல்லாருக்குமாக அழித்துவிட்டிருந்தால் அவரிடம் நேரடியாகக் கேட்கலாம். "என்ன எழுதினீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். "இப்படி எழுதினீர்களா" என்று மொழிபெயர்ப்பைக் காட்டிக் கேட்டால், அவர் தன் நினைவை விட்டுவிட்டு அந்தப் படத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

## எப்போது தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் போவது

இதுவரை சொன்னது இரண்டு பேருக்குள் நடக்கும் மனக்கசப்பைத் தீர்க்க. வேலையை விட்டு நீக்குவது, ஒழுங்கு விசாரணை, போலீஸ் புகார், நீதிமன்றம், பணம் கைமாறும் ஒப்பந்தம், மருந்தின் அளவு ஆகியவற்றில் ஒன்று இந்த மெசேஜைச் சார்ந்திருந்தால் முதல் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூலத்தை வாங்கி, எதையும் திருத்தாமல் சான்றளிக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். உங்களுக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தாலும் இதுதான் சரி. சம்பந்தப்பட்டவர்களில் ஒருவருக்கு நீங்கள் தெரிந்தவர் என்றால் உங்கள் மொழிபெயர்ப்பை மற்றவர் ஏற்க வேண்டியதில்லை.

அப்படிப் போகும்போது ஒற்றை வாக்கியத்தைக் கொடுக்காதீர்கள். மூல எழுத்து, வெட்டாத படம், அந்த மெசேஜுக்கு முன்னும் பின்னும் பத்து பத்து மெசேஜ், எழுதியவருக்கும் பெற்றவருக்கும் என்ன உறவு, யார் மூத்தவர், வழக்கமாக எப்படி அழைத்துக்கொள்வார்கள் என்ற குறிப்பு, இவ்வளவும் வேண்டும். கணக்கு கேட்ட அந்த மெசேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். "அண்ணே" என்பது அவர் எல்லாரையும் அழைக்கும் சொல்லா, இவரை மட்டும் அழைப்பதா என்று தெரியாமல் நானும் அதன் தொனியைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்க முடியாது. பழைய மெசேஜ்களைப் பார்த்தேன். இவரை மட்டும்தான் அப்படி அழைத்திருந்தார். நான்கு இடங்களையும் குறித்து, ஒரு பக்கம் மூலம், மறு பக்கம் விளக்கம் என்று தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். "போல" என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.